விற்ற லாரிக்கே வாடகை: லாபம் யார் கணக்கில், எப்போது?

மதுரையில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் அதன் லாரிக்குத் தேய்மானம் கழித்த புத்தக மதிப்பு 12 லட்சம் ரூபாய். சந்தையில் 15 லட்சம் போகும். கையில் பணம் தேவைப்படுவதால் லாரியை ஒரு நிதி நிறுவனத்துக்கு 15 லட்சத்துக்கு விற்று, அதே லாரியை 3 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். லாரி ஒரு நாள்கூட ஓடாமல் நிற்கவில்லை. டிரைவரும் மாறவில்லை. ஆனால் கணக்கில் ஒரு கேள்வி முளைக்கிறது: 3 லட்சம் லாபம் என்று இந்த ஆண்டே எழுதிக்கொள்ளலாமா?

பதில், அந்த நிறுவனம் எந்தக் கணக்கியல் விதிக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தது. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களும் 250 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்புள்ள நிறுவனங்களும், 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இண்ட் ஏ.எஸ். 116 என்ற விதியைப் பின்பற்றுகின்றன. லாரியில் எவ்வளவு பங்கை உண்மையிலேயே கைவிட்டீர்களோ, அந்தப் பங்குக்கான லாபம் மட்டுமே உங்களுடையது என்கிறது அந்த விதி.

நம் உதாரணத்தில், கட்டப்போகும் வாடகைகளின் இன்றைய மதிப்பு 9 லட்சம் என்று கொள்வோம். 15 லட்ச ரூபாய் லாரியில் 9 லட்சத்துக்கான பயன்பாடு, அதாவது 60 சதவீதம், விற்றவரிடமே தங்கிவிடுகிறது. மீதி 40 சதவீதம்தான் கைமாறியது. ஆகவே 3 லட்சத்தில் 40 சதவீதமான 1.2 லட்சம் மட்டும் இந்த ஆண்டின் லாபம். மற்ற 1.8 லட்சம் காணாமல் போவதில்லை. பழைய புத்தக மதிப்பான 12 லட்சத்தில் 60 சதவீதமான 7.2 லட்சம், ‘பயன்படுத்தும் உரிமை’ என்ற சொத்தாகக் கணக்கில் ஏறுகிறது. அதே லாரியை வெளியாளிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தால் 9 லட்சம் ஏறியிருக்கும். இந்த 1.8 லட்ச வித்தியாசத்தால் ஆண்டுக்கு 60 ஆயிரம் வீதம் தேய்மானச் செலவு குறையும். எஞ்சிய லாபம் அந்த வழியாக 3 ஆண்டுகளில் வந்து சேர்ந்துவிடும்.

சிறிய நிறுவனங்களுக்குப் பழைய ஏ.எஸ். 19 விதிதான். லாரியின் ஆயுளில் சிறு பகுதிக்கு மட்டுமான சாதாரணக் குத்தகையாக இருந்து, விற்பனையும் சந்தை விலையில் நடந்திருந்தால், 3 லட்சத்தையும் உடனே லாபமாக எழுதலாம். ஆயுளின் பெரும்பகுதியை விழுங்கும் நிதிக் குத்தகை என்றால் அந்த லாபத்தைக் குத்தகைக் காலம் முழுவதும் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

விலையை உயர்த்திக் காட்டினால் லாபம் கூடுமா? 15 லட்சம் பெறும் லாரியை 17 லட்சத்துக்கு விற்றதாக எழுதி, அதற்கு ஈடாக வாடகையையும் கூட்டினால், புதிய விதி கூடுதல் 2 லட்சத்தைக் கடன் என்றே பார்க்கிறது. லாபம் அதே 1.2 லட்சம்தான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். குத்தகை முடிந்ததும் லாரியைச் சொற்ப விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு இருந்தால், இண்ட் ஏ.எஸ். கணக்கில் அது விற்பனையே அல்ல. லாரி 12 லட்சமாகப் புத்தகத்திலேயே இருக்கும். வாங்கிய 15 லட்சம் கடனாகும். லாபம் பூஜ்யம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. குத்தகைக்கு விட்ட வாகனங்கள் எடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தபோதும், விட்ட நிறுவனமே உரிமையாளர் என்று ஏற்று, வருமான வரியில் அதற்குத் தேய்மானச் சலுகையை உச்ச நீதிமன்றம் 2013இல் அளித்திருக்கிறது.

வருமான வரிக் கணக்கு தனிப் பாதையில் போகிறது. அங்கே ஒரே தேய்மான விகிதமுள்ள வாகனங்கள் ஒரே தொகுப்பாகச் சேரும். தொகுப்பின் மதிப்பு 40 லட்சம் என்றால் விற்ற 15 லட்சம் அதில் கழியும். மீதி 25 லட்சத்துக்குத் தேய்மானம் கிடைக்கும். அந்த ஆண்டு லாபத்துக்கென்று தனி வரி இல்லை. ஆனால் இருந்ததே அந்த ஒரு லாரிதான், வரிக் கணக்கில் அதன் மதிப்பு 8 லட்சம்தான் என்றால், 7 லட்சம் குறுகிய கால மூலதன ஆதாயமாகி வரிக்கு உட்படும். வாங்கும் நிதி நிறுவனமும் தான் கொடுத்த 15 லட்சத்துக்குத் தேய்மானம் கேட்க முடியாது. விற்றவரின் வரிக் கணக்கில் இருந்த 8 லட்சத்துக்குத்தான் கேட்கலாம். இழக்கும் அந்தச் சலுகையை அது வாடகையில் ஏற்றப் பார்க்கும்.

எனவே கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: நமக்கு எந்த விதி பொருந்தும், திரும்ப வாங்கும் ஷரத்து உண்டா, வரித் தொகுப்பில் வேறு வாகனம் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் 3 லட்சத்தை லாபம் என்று எண்ணிச் செலவழித்துவிடாதீர்கள்.