மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரு கோடு

இலங்கையின் உலர் வலயத்தில், வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட நிலம் பெரிய மலைகளாக எழுவதில்லை. அலை அலையாக உயர்ந்து தாழ்ந்து கிடக்கிறது. மேட்டு முகட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கச் சில நூறு மீட்டர் நடந்தால் போதும். நூறு மீட்டருக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர்தான் இறக்கம். அந்தக் குறுகிய தூரத்துக்குள் மண் செங்கபில நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே வகையான நைஸ் பாறை. பெய்வதும் ஒரே மழை. மண்ணியல் மாணவர்களின் களப்பயணத்துக்கு இத்தகைய சரிவு மிகவும் ஏற்றதாக இருப்பது இதனால்தான். பாறையும் மழையும் மாறாதபோது, மண் மாறியதற்கான காரணத்தைச் சரிவில் அது இருக்கும் இடத்திலும் அங்கே நிற்கும் நீரிலும் தேடலாம்.

சரிவின் மேலிருந்து கீழ்வரை இப்படி ஒன்றையொன்று சார்ந்து அமையும் மண்களை ஒரே தொடராகப் பார்க்க வேண்டும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஜெஃப்ரி மில்ன் 1935இல் எடுத்துச் சொன்னார். அத்தொடருக்கு அவர் இட்ட பெயர் கட்டீனா. இலங்கை உலர் வலயத்தின் மண்களை விரிவாக ஆராய்ந்தவர்களில் சி. ஆர். பானபொக்கே முக்கியமானவர்.

களப்பயணத்தில் முதல் வேலை கோடு போடுவது. அது முகட்டிலிருந்து நீர் வழிந்தோடும் திசையிலேயே, சரிவுக்கு நேர்கீழாகச் செல்ல வேண்டும். குறுக்காகச் சாய்ந்து போனால் இரு வேறு சரிவுகளின் மண் ஒரே கோட்டில் கலந்துவிடும். அளவு நாடாவும் கம்புகளும் சாய்வுமானியும் கொண்டு இறக்கம் அளக்கப்படுகிறது. சம இடைவெளியில் மட்டும் துளையிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சாய்வு மாறும் இடங்கள், மரஞ்செடிகள் மாறும் இடங்கள், வயல் தொடங்கும் விளிம்பு ஆகியவற்றில் கட்டாயம் ஒரு துளை வேண்டும், ஏனெனில் மண்ணும் பெரும்பாலும் அங்கேதான் மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, 600 மீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைக் கொள்ளலாம். முதல் 100 மீட்டர் ஏறக்குறைய சமதளமான முகடு. அங்கே துளைக்கருவி எடுத்துவரும் மண் செங்கபில நிறம். மேலே மணல் கலந்தும், கீழே போகப்போகக் களி மிகுந்தும் இருக்கும். நனைத்து விரல்களுக்கிடையே உருட்டினால் அந்த வேறுபாடு தெரியும்: மேல்மண் திரியாக நீளாமல் உடையும், கீழ்மண் ஓரளவு நீண்ட பிறகே உடையும். பல இடங்களில் அரை மீட்டர் ஆழத்துக்குள் குவார்ட்ஸ் சரளைப் படை ஒன்று துளைக்கருவியைத் தடுத்துவிடும். அதைப் பாறை என்று எழுதிவிடுவது அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் தவறு. ஓரடி தள்ளித் துளையிட்டாலும், சிறு குழி வெட்டினாலும் சரளைக்கு அடியில் மண் தொடர்வது தெரிந்துவிடும். வறண்ட மாதங்களில் இந்த மண் கல்லாக இறுகிக் கிடப்பதால், மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போவதே நல்லது.

சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. நீர் விரைவாக வடிந்து, மண்ணின் துளைகளில் காற்று நிறைந்திருக்கும் இடத்தில் இரும்பு இந்த வடிவிலேயே நிலைக்கும். நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இரும்பை நீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. கரைந்த இரும்பு நகர்ந்துபோக, மண் வெளுத்துச் சாம்பல் நிறமாகிறது. காற்று மீண்டும் புகும் இடத்தில், குறிப்பாக வேர்கள் சென்ற தடங்களின் ஓரத்தில், அந்த இரும்பு துருப்புள்ளியாகப் படிகிறது. ஆகவே நிறத்தைப் பதிவதென்பது அந்த இடத்தில் நீர் எந்த ஆழத்தில், எவ்வளவு காலம் நின்றது என்பதைப் பதிவதாகும். மண்ணை நனைத்து, வெயிலைப் பின்புறம் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். முகட்டு மண் 5YR 4/4 போன்ற ஒரு குறியீட்டுக்கு அருகில் வரும். கடைசி எண் 2 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் சாம்பல் நிறம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

முகட்டைக் கடந்த அடுத்த 350 மீட்டர் நூற்றுக்கு மூன்று வீதம் இறங்குகிறது. கோட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே. மேல்பாதியில் மண் முகட்டில் இருந்ததைப் போலவே தெரியும். கீழ்ப்பாதியில் மேற்பரப்பைப் பார்த்தால் பெரிதாக மாற்றம் இல்லை. ஆனால் ஒரு மீட்டர் அளவு ஆழத்தில் துருப்புள்ளிகளும் வெளிறிய திட்டுகளும் எட்டிப் பார்க்கும். அடுத்தடுத்த துளைகளில் அவை படிப்படியாக மேலே ஏறிவரும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் எந்த மட்டம்வரை உயர்கிறது என்பதை இந்தப் புள்ளிகள் காட்டுகின்றன. களப்பயணம் கோடையில் நடந்து துளையில் ஒரு சொட்டு நீர் இல்லாவிட்டாலும் அந்த மட்டத்தை அறிய முடிகிறது. அறிக்கையில் ‘புள்ளிகள் உள்ளன’ என்று எழுதினால் போதாது. முதற்புள்ளி தோன்றும் ஆழத்தை ஒவ்வொரு துளையிலும் சென்டிமீட்டரில் எழுதினால்தான் இந்த ஏற்றம் தெரியவரும்.

கடைசி 150 மீட்டர் நூற்றுக்கு ஒன்று மட்டுமே இறங்கும் அடிவாரமும் பள்ளமும். இங்கே மண் அரையடிக்குக் கீழேயே சாம்பல் நிறம். ‘லோ ஹியூமிக் கிளே’ என்று வகைப்படுத்தப்படும் மண் இதுதான். மேலிருந்து நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு சில இடங்களில் சிறு முடிச்சுகளாகப் படிந்திருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும். சோடியம் தங்கிய சில திட்டுகளில் மண்ணின் கட்டமைப்பு கெட்டு, நீர் உள்ளே இறங்காமல் மேலேயே கலங்கி நிற்கும்.

குளத்துக்குக் கீழே பள்ளம் பெரும்பாலும் நெல்வயலாக இருப்பதால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சேற்றுழவும் தேக்கிய நீரும் மேல்மண்ணைத் தாமே சாம்பலாக்கிவிடும். அது நிலத்தடி நீரின் வேலையா, வயலில் கட்டிய நீரின் வேலையா என்று பிரித்தறிய, உழவால் இறுகிய அடிப்படைக்கும் கீழே துளையிட வேண்டும். கீழே மண் மீண்டும் பழுப்பாக இருந்தால் வெளுப்பு மேலிருந்து வந்தது. ஆழம்வரை சாம்பலாகவே தொடர்ந்தால் நிலத்தடி நீரால் ஆனது. இன்னொரு குழப்பமும் உண்டு. மேட்டில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த நிலத்திலிருந்து அரித்துவந்த செம்மண் அடிவாரத்தில் படிந்து, பழைய சாம்பல் மண்ணை மூடியிருக்கலாம். மேற்பரப்பை மட்டும் பார்ப்பவர் நல்ல வடிகால் உள்ள நிலம் என்று எழுதிவிடுவார். சிவப்புக்கும் சாம்பலுக்கும் இடையே கூர்மையான எல்லை இருந்தால் அது படிந்த மண் என்று ஐயப்பட இடமுண்டு. அங்கேயே உருவான மண்ணில் நிறம் பெரும்பாலும் மெல்ல மெல்லவே மாறும்.

வீடு திரும்பிய பின் வரையும் குறுக்குவெட்டு முகத்தில் அளவுத்திட்டம் கவனிக்கப்பட வேண்டும். மேற்சொன்ன கோட்டின் மொத்த இறக்கம் 13 மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று வரைந்தால் நீளம் 12 சென்டிமீட்டர் வரும், உயரமோ மூன்று மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எனவே உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கி 2.6 சென்டிமீட்டராக வரைந்து, அப்படிப் பெருக்கியதைப் படத்தின் கீழேயே எழுதுவார்கள். எழுதத் தவறினால் மென்மையான சரிவு செங்குத்து மலையாகத் தோன்றும். துளைகள் இட்ட இடங்களைக் குறித்து, அவற்றுக்கிடையே புள்ளிகள் ஏறும் மட்டத்தைத் தொடர்கோடாக அன்றி விட்டுவிட்டு வரைவதே நேர்மையானது. இரு துளைகளுக்கு இடையில் உள்ளது ஊகமே.

ஒரு கோடு ஒரு சரிவின் ஒரு கீற்றை மட்டுமே காட்டும். பக்கத்தில் 100 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு போட்டு, புள்ளிகள் தோன்றும் ஆழங்கள் அங்கும் அதே வரிசையில் ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகே, மாற்றத்தைச் சரிவின் இயல்பாகக் கொள்ளலாம். ஏறாவிட்டால் பாறை மாறியிருக்கிறதா, பழைய ஓடைப்படுகை ஏதும் குறுக்கிடுகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.