அம்மாவின் கட்டைவிரல்

"நீயே கட் பண்ணிட்டியாடா?" எங்கள் வீட்டு வீடியோ கால்கள் பெரும்பாலும் அம்மாவின் இந்தக் கேள்வியில்தான் முடியும். நான் எதையும் தொட்டிருக்க மாட்டேன். அவரும் தொடவில்லை என்பார். போன மாதம் ஊருக்குப் போனபோது தங்கையைப் பக்கத்து அறையிலிருந்து அழைக்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார். பிடியைச் சரிசெய்யும்போது விரல் ஓரத்திலிருந்து உள்பக்கமாக நகர்ந்தது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பல போன்களில் அப்படி இழுத்தால் 'பின்னால் போ' என்று பொருள். தங்கையின் முகம் சுருங்கி மூலைக்குப் போனது. அழைப்பு அறுபடவில்லை. ஆனால் போய்விட்டதென்று நினைத்து, தேடுகிற அவசரத்தில் கண்டதையும் அமுக்கினார் அம்மா. அதில்தான் அழைப்பு உண்மையாகவே போனது.

இன்னொன்று, குரல் சன்னமானதும் பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்தார். சாதாரண அழைப்பில் காதருகே கொண்டுபோனால் திரை தானே அணைந்துவிடும். வீடியோ காலில் படம் தெரிய வேண்டுமே, அதனால் பெரும்பாலும் அணையாது. கன்னம் சிவப்புப் பொத்தானில் பட்டது.

முதல் மருந்து போனுக்குள் இல்லை. கடையில் வாங்கிய சாதாரண ஸ்டாண்டு. கையில் பிடிக்காவிட்டால் இரண்டு தொல்லையும் பாதி தீர்ந்தது. சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்ததில் காதுக்குக் கொண்டுபோகும் அவசியமும் போனது.

அடுத்தது திரையின் அடியில் வரும் பழைய மூன்று பொத்தான்கள். அம்மாவின் சாம்சங் போனில் Settings > Display > Navigation bar போய் Buttons என்பதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற போன்களில் Settings மேலே உள்ள தேடலில் navigation என்று அடித்தால் கிடைக்கும். இனி ஓரத்தில் விரல் உரசினால் ஒன்றும் ஆகாது. பொத்தானை அமுக்கினால்தான் திரை மாறும். தப்பித்தவறி படம் சுருங்கினால் அந்தச் சின்னப் படத்தைத் தொடு, பெரிதாக்கும் குறி வரும் என்று நாலைந்து முறை வேண்டுமென்றே சுருக்கிக் காட்டிப் பழக்கினேன்.

வாட்ஸ்அப் படமே அடிக்கடி இடம் மாறுவதற்குக் காரணம் வேறு. வயதானவர்களின் வறண்ட விரல் நுனியைத் திரை சிலசமயம் உணராது. அதனால் அழுத்திப் பிடிப்பார்கள். போனோ அதைப் படத்தை நகர்த்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். சாம்சங்கில் முகப்புத் திரையின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, வருகிற Settings-இல் Lock Home screen layout-ஐப் போட்டால் எதுவும் நகராது. Accessibility-இல் Touch and hold delay-ஐ நீட்டி வைத்தால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும்.

ஸ்டாண்டைச் சாய்த்து வைக்கும் கோணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நேற்றும் பத்து நிமிடம் மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அழைப்பு அறுபடவில்லை.