யாரும் செய்யாத வேலைக்கு எத்தனை நாள்?

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் டால்கியும் ஓலஃப் ஹெல்மரும் ஏழு நிபுணர்களிடம் ஒரு கொடூரமான கேள்வியைக் கேட்டார்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் கால்பங்காகக் குறைக்க சோவியத் நாட்டுக்கு எத்தனை அணுகுண்டுகள் வேண்டியிருக்கும்? ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 5000 என்றார். அவர்களை ஒன்றாக உட்காரவைக்காமல், யார் எதைச் சொன்னார் என்றும் காட்டாமல், காரணங்களை மட்டும் சுற்றுக்கு விட்டு மறுபடி மறுபடி கேட்டார்கள். நூறு மடங்காக இருந்த இடைவெளி கடைசியில் ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கியது. இதுதான் டெல்ஃபி முறை. பின்னர் பேரி போம் மென்பொருள் வேலைகளுக்காக, சுற்றுகளுக்கு நடுவே கலந்துபேசுவதையும் இதில் சேர்த்தார்.

இன்றைய வேலை ஒன்றில் இதை வைத்துப் பார்ப்போம். ஒரு நூலகத்தின் 20,000 பதிவுகள் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். குழுவில் யாரும் இதைச் செய்ததில்லை. ஐந்து பேர் பெயரில்லாத தாளில் நாட்களை எழுதித் தருகிறார்கள்: 8, 10, 12, 15, 60. மேலாளர் முதலில் வாய்திறந்து பத்து நாள் என்றிருந்தால், அந்த அறுபது வெளியே வந்திருக்காது. பெயரை மறைப்பது அதற்காகத்தான்.

இங்கே சராசரி எடுத்தால் 21 வரும். அந்த 21-க்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை. அறுபதுக்கு இருந்தது. பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்குள் mk;kh என்றுதான் பதிவாகியிருக்கும்; எழுத்துருத் தகவல் தொலைந்த தரவுத்தளத்தில் எது தமிழ், எது ஆங்கிலத் தலைப்பு என்று நிரலால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. எட்டு நாள் என்றவரோ, எல்லாம் தமிழ்ப் பதிவுகளே என்று நினைத்திருந்தார். இரண்டாம் சுற்றில் எண்கள் 25, 30, 30, 35, 50 என்று மாறின. மூன்றாவதில் பெரிதாக அசையவில்லை. அத்தோடு நிறுத்திவிடலாம்.

எண்கள் நெருங்கிவிட்டதால் விடை சரியென்று ஆகிவிடாது. அறியாமையிலும் ஐந்து பேர் ஒத்துப்போகலாம். புதிய காரணம் எதுவும் எழுதப்படாமல் எண்கள் மட்டும் நடுவை நோக்கி நகர்ந்தால், பலரும் கூட்டத்தோடு ஒதுங்கியிருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதனால் மேலிடத்துக்கு 30 என்ற ஒற்றை எண் போகக்கூடாது. 25 முதல் 50 நாள் என்ற வரம்பும், ‘பத்தில் ஒரு பதிவுதான் ஆங்கிலம் கலந்தது’ என்பது போன்ற அனுமானங்களும் சேர்ந்து போகவேண்டும். பிறகு 200 பதிவுகளை அங்கங்கே பொறுக்கியெடுத்து மாற்றிப் பார்க்கலாம். அதில் மூன்றில் ஒன்று கலப்பாக இருந்தால் அந்த அனுமானம் உடைந்துவிட்டது. அதே ஐவரிடமும் புதுத் தாள் கொடுத்து மறுபடி கேட்க வேண்டும்.