மாம்பழம், பப்பாளி, மிளகாய்: மூன்று கரும்புள்ளிகள்

பழுத்த பங்கனப்பள்ளி மாம்பழம் ஒன்று, நன்றாக மஞ்சள் ஏறிய பப்பாளி ஒன்று, செடியிலேயே சிவந்த சம்பா மிளகாய் ஒன்று. மூன்றின் தோலிலும் உள்வாங்கிய கரும்புள்ளி. நோயின் பெயரும் மூன்றுக்கும் ஒன்றுதான்: ஆந்த்ராக்னோஸ். கொல்லெட்டோட்ரிகம் என்ற பூஞ்சை இனத்தின் வேலை அது. மிளகாய் போடுபவர்கள் இதைப் பழ அழுகல் என்பார்கள். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வந்தால் நுனிக்கருகல். கையை நீட்டி எடுத்த சாதாரணப் படத்தில் மூன்று புள்ளிகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் படம் முழுக்க நிறையும்படி நெருங்கி எடுத்தால் மூன்றும் மூன்று விதம். நாம் கறுப்பு என்று சொல்கிற நிறம்கூட ஒவ்வொன்றிலும் வேறு வேறு பொருளிலிருந்து வருகிறது.

மாம்பழத்திலிருந்து தொடங்கலாம். நெருக்கப் படத்தில் புள்ளிக்கு ஒழுங்கான விளிம்பு இல்லை. அடர்பழுப்பில் தொடங்கி நடுவில் கறுத்து, பக்கத்துப் புள்ளியோடு கலந்து ஒரு திட்டாகிவிடுகிறது. தோல் கிழியவில்லை, துளையும் இல்லை. மெழுகுப் பளபளப்பு ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நடுவில் மட்டும் தோல் தளர்ந்து, மெல்லிய சுருக்கங்களோடு கீழே இறங்கியிருக்கிறது. இந்தக் கறுப்பு பெரும்பாலும் பழத்தினுடையதுதான். தோலின் செல்கள் செத்து, அவற்றிலிருந்த பொருட்கள் காற்றுப் பட்டுக் கறுத்துப்போன நிறம் அது. பூஞ்சையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஈரமான நாளில் பார்க்க வேண்டும். அப்போதுதான் திட்டின் நடுவே ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பில் பொடிப்பொடியாகப் பிசின் போன்ற ஒன்று வெளிவரும். அதுதான் வித்துத் திரள்.

சில பழங்களில் காம்பிலிருந்து அடிவரை புள்ளிகள் வரிசையாக, நீர் ஒழுகிய தடம்போல இறங்கியிருக்கும். உண்மையிலேயே அது நீர் ஒழுகிய தடம்தான். மேலே காய்ந்து நிற்கும் பூங்கொத்திலும் செத்த குச்சியிலும் பூஞ்சை இருக்கிறது. மழையும் பனியும் அதன் வித்துகளைக் கழுவிக் காயின் மேல் வடிக்கின்றன. வடிந்த வழியெல்லாம் தொற்று. இந்த வரிசையைப் படத்தில் பார்த்தால், நோய் மரத்திலேயே வந்தது என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

கடைக்காரரிடம் வாங்கும்போது பழம் பளிச்சென்று இருந்தது, நான்காம் நாள் கறுத்துப்போனது என்று குறைப்படாத வீடு இல்லை. கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. காய் பச்சையாகத் தொங்கியபோதே வித்து அதன் மேல் விழுந்து, ஈரத்தில் முளைத்து, கறுத்த தடித்த சுவருள்ள ஒரு சிறு உறுப்பால் தோலைக் கவ்விக்கொள்கிறது. அதன் அடியிலிருந்து நுண்ணிய முளை ஒன்று தோலின் மெழுகுப் படலத்துக்குள் இறங்குகிறது. அதற்கு மேல் போக முடிவதில்லை. பச்சை மாங்காயின் தோலில் பூஞ்சையை அடக்கும் ரிசார்சினால் வகைப் பொருட்கள் இருக்கின்றன. பால் வடியும் மாங்காய்க்கு அந்தப் பாலும் ஒரு காவல். காய் பழுக்கப் பழுக்க இந்தக் காவல் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது, தசை இளகுகிறது. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த பூஞ்சை அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. ஆக, நாம் படம் எடுப்பது மிகப் பழைய தொற்றின் கடைசிக் கட்டத்தை.

புள்ளி ஏன் குழிகிறது? செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இந்தப் பூஞ்சை நொதிகளால் கரைக்கிறது. அம்மோனியாவை வெளியிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள புளிப்பையும் குறைத்துக்கொள்கிறது. அந்த நிலையில்தான் அதன் நொதிகள் நன்றாக வேலை செய்யும். ஒட்டு விட்டுப்போன செல்கள் நீரை இழந்து அமுங்குகின்றன. மேலே இருக்கும் மெழுகுத் தோல் அறுபடாமல் அப்படியே கீழே படிகிறது. பூச்சி குத்திய இடத்தில் துளை தெரியும், அடிபட்ட இடத்தில் தோல் சிராய்த்திருக்கும். இங்கே தோல் முழுசாக இருந்தபடி குழிந்திருக்கிறது.

பப்பாளியில் வட்டம் தெளிவு. முதலில் நீர் கோத்ததுபோன்ற சிறு பொட்டு. சில நாளில் அது ஒரு எலுமிச்சையை வெட்டிய முகம் அளவுக்கு, ஐந்து சென்டிமீட்டர் வரைகூட, அகன்றுவிடும். விளிம்பு அடர்நிறம். நடுப்பகுதிதான் கவனிக்க வேண்டியது: அங்கே ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக வித்துத் திரள்கள் வளையத்துக்குள் வளையமாக அடுக்கியிருக்கும். தூரத்தில் கரும்புள்ளியாகத் தெரிந்தது கிட்டத்தில் பாதிக்குமேல் கறுப்பே இல்லை. பச்சைக் காயாக இருக்கும்போது இதே இடத்தில் ஒரு துளிப் பால் கசிந்து உறைந்திருப்பதையும் சில சமயம் பார்க்கலாம்.

பப்பாளியைப் புள்ளியின் குறுக்கே வெட்டி இன்னொரு படம் எடுப்பது நல்லது. புள்ளிக்குக் கீழே உள்ள சதை நிறம் மாறி, கூம்பு வடிவில் தனியாகப் பிரிந்து நிற்கும். கத்தி முனையால் நெம்பினால் பாட்டிலின் தக்கைபோல மொத்தமாகக் கழன்று வரும். சுற்றியுள்ள சதை அப்போதும் கெட்டியாக, நல்ல நிறத்தோடு இருக்கும்.

மிளகாயில் கதை முற்றிலும் வேறு. சிவந்த பழத்தின் மேல் புள்ளி வட்டமாகத் தொடங்கி, பழத்தின் நீளவாக்கில் இழுபட்டு, கதிர் வடிவமாகிவிடுகிறது. நடுப்பகுதி வைக்கோல் நிறம். அதன் மேல் ஊசிமுனை அளவுக் கரும்பொட்டுகள், நெருக்கமாக, வளைய வரிசையில். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் கட்டையான கறுத்த முடிகள் சில குத்திட்டு நிற்பது தெரியும். மாம்பழத்தின் கறுப்பு செத்த தோல் என்றால், மிளகாயின் கறுப்பு பூஞ்சையே. அந்த முடிகள் கொல்லெட்டோட்ரிகம் ட்ரங்கேட்டம் என்ற வகைக்கு முக்கியமான அடையாளம். பழைய பாடப்புத்தகங்களில் இதையே கொல்லெட்டோட்ரிகம் கேப்சிசி என்று எழுதியிருப்பார்கள். மிளகாயைத் தாக்கும் வேறு வகைகளும் உண்டு. அவற்றில் முடி இல்லாமல், ஆரஞ்சுப் பிசின் மட்டும் மேலோங்கித் தெரியும். பச்சைக் காயிலும் வரும். எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல மரபணுச் சோதனைதான் வழி. படத்தின் எல்லை அதோடு முடிகிறது.

பழத்தைப் பிளந்து பார்த்தால் உள்தோலில் வெண்பூஞ்சை படர்ந்து, விதைகள் பழுத்துத் துருநிறமாகிக் கிடக்கும். இப்படிப்பட்ட பழம் காய்ந்தால் சிவப்பு போய் வெளுத்து, வத்தல் சந்தையில் சண்டு என்று ஒதுக்கப்படும், விலையும் அடிவாங்கும்.

ஏமாற்றும் புள்ளிகளும் இருக்கின்றன. மாங்காயில் பாக்டீரியாக் கரும்புள்ளி குழியாது. மேடாகி, நட்சத்திரமாக வெடித்து, பிசின் கசியும். பப்பாளியில் ஆஸ்பெரிஸ்போரியம் என்ற வேறொரு பூஞ்சை சின்னச் சின்னக் கறுத்த கொப்புளங்களாக மேலெழும். மிளகாயில் வெயில் சுட்ட இடம் முதலில் காகிதம்போல வெளுத்து, பிறகு அதன் மேல் ஏதாவது பூஞ்சணம் ஏறிக் கறுக்கும். அது வெயில் படும் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், வளையப் பொட்டுகள் இருக்காது. ஆகவே குழியா மேடா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கே படம் பலமுறை பொய் சொல்கிறது. நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் குழி தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்தால் குழிக்குள் நிழல் விழுந்து ஆழம் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அதே குழி கண்ணுக்கு மேடாகவும் தோன்றும். படத்தில் ஓர் அளவுகோலையும் வைத்துவிட்டால் பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு எளிய சோதனை உண்டு. புள்ளி விழுந்த பழத்தைக் கழுவி, ஈரமான காகிதம் விரித்த மூடிபோட்ட டப்பாவில் அறைச் சூட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஆந்த்ராக்னோஸ் என்றால் குழியின் மேல் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புத் துளிகள் கசியும். வெறும் சாம்பல் பஞ்சோ பச்சைப் பொடியோ வந்தால் அது வேறு பூஞ்சை.

தொற்று தோலுக்கு அடியில் மிக மேலாகவே படுத்திருப்பதால் வெந்நீர் அதை எட்டுகிறது. முற்றிய மாங்காயைப் பறித்த கையோடு 52 டிகிரி செல்சியஸ் நீரில் 5 நிமிடம் மூழ்க வைத்து, பின் ஆறவிட்டு உலர்த்தினால் பழுக்கும்போது புள்ளி வெகுவாகக் குறைகிறது. பப்பாளிக்கு 49 டிகிரியில் 20 நிமிடம். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இரண்டு மூன்று டிகிரி கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். புள்ளி வெளியே தெரிந்துவிட்ட பழத்துக்கு இந்தச் சிகிச்சை உதவாது. தோப்பில் காய்ந்த பூங்கொத்துகளையும் செத்த குச்சிகளையும் வெட்டி அகற்றுவதும், பப்பாளி மரத்தில் பழுத்துத் தொங்கும் இலைக்காம்புகளை நீக்குவதும் வித்து பிறக்கும் இடத்தையே குறைக்கும்.

வீட்டில் என்ன செய்வது? மாம்பழத்தில் சிறு புள்ளிதான் என்றால் தோலோடு சற்று ஆழமாகச் சீவிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். பப்பாளியில் அந்தக் கூம்பையும் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் எடுத்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் முழுப் பழத்தையும் விட்டுவிடுங்கள். மிளகாயில் மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். அழுகிய மிளகாய் காயும்போது அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும் வேறு பூஞ்சைகளும் அதில் எளிதாக ஏறிக்கொள்ளும். அரைத்துத் தூளாக்கிவிட்டால் பிறகு பிரிக்கவும் முடியாது. வெளுத்துப்போன, உள்ளே பூஞ்சணம் பிடித்த வத்தலை மில்லுக்குக் கொண்டுபோகும் முன்பே பொறுக்கித் தள்ளிவிடுங்கள். மிளகாய் போடுபவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: இந்த நோய் விதை வழியாகவும் அடுத்த போகத்துக்குப் போகிறது. ஒரு புள்ளி விழுந்த பழமானாலும், எவ்வளவு பெரிய பழமானாலும், அதிலிருந்து விதை எடுக்காதீர்கள்.