வாடகை அறையைப் படமெடுக்கும்போது

வாடகைக்கு விடும் அறையைப் படமெடுக்கிறவர்கள் பலரும் போன் கேமராவில் 0.5 என்ற பொத்தானைத்தான் முதலில் தட்டுகிறார்கள். அறை ஒரேயடியாகப் பெரிதாகிவிடுகிறது. படத்தைப் பார்த்து நம்பி, அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர் வாசலிலேயே முகம் மாறித் திரும்பிப் போகிறார். அவருக்கும் நஷ்டம், வீட்டுக்காரருக்கும் நஷ்டம்.

அந்தப் பொத்தான் செய்வது இதுதான். மிக அகலமாகப் பார்க்கும் அந்த லென்ஸ், கிட்டே இருப்பதை ஓரத்தில் இழுத்து நீட்டும். எதிர்ச் சுவரைத் தூரத்துக்குத் தள்ளிவிடும். ஓரத்தில் இருக்கும் கட்டில் எட்டடி நீளம்போலத் தெரியும். சுவர்க் கடிகாரம் ஓரத்தில் இருந்தால் முட்டை வடிவமாகிவிடும். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் இந்த அடையாளத்தைக் கவனிக்கலாம்: வட்டமான பொருள் கோணிக்கொண்டிருந்தால், அறை அந்த அளவுக்குப் பெரிதல்ல.

சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் சாதாரணமாக இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையையே எடுத்துக்கொள்வோம். பத்தடிச் சுவரில் கதவு, பக்கத்துச் சுவரில் கிழக்கு பார்த்த ஒரே ஜன்னல், ஒரு கட்டில், ஒரு பீரோ. கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, 1x-லேயே எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டடி தள்ளியிருக்கும் எதிர்ச் சுவர் முழுதாக விழும். இரு பக்கச் சுவர்களும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், தரையும் தெரியும். இதற்கு மேல் அகலம் தேவையே இல்லை. பாத்ரூம், சின்னச் சமையலறை போன்ற இடங்களில்தான் பின்னால் நகர இடமிருக்காது. அங்கே இரண்டு விரலால் கிள்ளி 0.7 அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மோசமாக இழுபடும் ஓரங்கள் அப்போது வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்தது உயரம். நின்றபடி கண்ணுக்கு நேராகப் பிடித்தால் கை தானாகவே போனைக் கீழ்நோக்கிச் சாய்க்கும். சுவர்கள் கீழே போகப்போகக் குறுகி, அறை சரிவதுபோல இருக்கும். தரையிலிருந்து நான்கடி, அதாவது நெஞ்சுக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். கேமரா செட்டிங்கில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, பீரோவின் விளிம்பையோ ஜன்னல் நிலையையோ ஒரு செங்குத்துக் கோட்டோடு பொருத்துங்கள். அறையை விசாலமாகக் காட்டுவது வெறுந்தரைதான். கட்டிலுக்கடியில் திணித்த அட்டைப்பெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிகள், கொடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். அது இருந்தால்தான் பார்க்கிறவருக்கு அறையின் அளவு பிடிபடும்.

வெளிச்சத்தில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். கிழக்கு ஜன்னலென்றால் காலை 8 மணி வெயில் தரையில் கட்டமாக விழும். அந்தக் கட்டம் வெளுத்துப்போய், மீதி அறை இருண்டுவிடும். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகு, 12 மணிக்கு மேல் எடுங்கள். அப்போதும் வானவெளிச்சம் உள்ளே வரும். மேற்கு ஜன்னலுக்குக் காலை நேரம் சரி. ஸ்கிரீனை முழுவதும் ஒதுக்கிவிட்டு, டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு அவை கலந்தால் ஒரே சுவர் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஜன்னல் படத்துக்குள் இருந்தால் கேமரா அதன் பிரகாசத்துக்குப் பயந்து அறையை இருட்டாக்கும். திரையில் ஜன்னலைத் தொடாமல், நிழலிலுள்ள சுவரைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். வெளிச்சம் அதற்கேற்ப உயரும். ஜன்னலுக்கு வெளியே வெளுத்துப்போனால் பரவாயில்லை. சுண்ணாம்பின் நிறம் கண்ணில் தெரிகிற மாதிரியே படத்திலும் வந்தால் போதும். அதற்கும் மேலே ஏற்றினால் சுவரிலுள்ள கறையெல்லாம் மறைந்துவிடும், அது ஏமாற்று.

கறை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பரணுக்கடியில் ஓதம் ஏறியிருந்தால் அதைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவரென்றால், ஜன்னலருகே நின்று அதையும் எடுத்துக் காட்டுங்கள். வருகிறவர் எப்படியும் பார்க்கப்போகிறார். முன்பே தெரிந்துகொண்டு வருகிறவர் அதைப் பேரம் பேசுவார். வந்து கண்டுபிடிக்கிறவர் மற்ற படங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, முதல் படத்தின் கீழேயே அடிக்கணக்கில் எழுதிவிடுங்கள்.