ஏ.சி. ஷீட்டில் கட்டிங் மெஷினை வைக்காதீர்கள்

மாடியில் கொட்டகை போடும் வேலை நடக்கிறது. வாங்கி வந்த ஷீட் ஓர் அடி நீளமாக இருக்கிறது. "அண்ணே, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு வந்த பையன் கட்டிங் மெஷினை ஓடவிடுகிறான். வெள்ளைப் புகைபோலத் தூசி எழும்பி அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணிகள்மீது படிகிறது. பையன் முகத்தில் ஒரு கைக்குட்டை. அவனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அதுதான், அதனால் பயன் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் கடைக்காரரும் கொத்தனாரும் 'ஏ.சி. ஷீட்' என்று சொல்வது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டைத்தான். அதில் பெரும்பங்கு சிமெண்ட். எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். இந்த நார்தான் 6 மில்லிமீட்டர் கனமே உள்ள சிமெண்ட் தகட்டைச் சுலபத்தில் உடையாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஷீட் முழுசாக இருக்கும்வரை நாரைச் சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட கூரைக்கடியில் குடியிருப்பதாலேயே பெரிய அளவில் நார் மூச்சுக்குள் போய்விடாது. வீட்டில் ஷீட் போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் பதறிப்போய் அதைப் பிய்த்தெறியக் கிளம்புவதுதான் உண்மையான ஆபத்தைக் கொண்டுவரும்.

வெட்டும்போது நடப்பது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷீட்டின் அகலம் 1.05 மீட்டர். மேடு பள்ளமாக ஏறி இறங்குவதால் குறுக்கே வெட்டும் தூரம் சுமார் 120 சென்டிமீட்டர் ஆகிவிடும். வெட்டும் பிளேடின் கனம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு வெட்டில் 20 கிராமுக்குமேல் ஷீட் பொடியாகிறது. அதில் 2 கிராம் அளவுக்குக் கல்நார். அத்தனையும் நுரையீரலுக்குள் போகாது. பெரும்பகுதி சிமெண்டோடு ஒட்டிக்கொண்டே கீழே விழும். ஆனால் கல்நாருக்கு ஒரு குணம் உண்டு. அது நீளவாக்கில் பிரிந்து, பிரிந்ததும் மீண்டும் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாகிக்கொண்டே போகும். ஆழமாக உள்ளே போகக்கூடிய இழையின் அகலம் 3 மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். அத்தனை மெல்லிய இழை தரையில் படிய மணிக்கணக்காகும். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூசி அடங்கிய பிறகும் காற்றில் ஆபத்து அடங்குவதில்லை.

பிரிட்டனில் வேலையிடக் காற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 இழை என்பது சட்டப்படியான உச்ச வரம்பு. சுழலும் பிளேடால் ஷீட்டை உலர்வாக வெட்டும்போது வெட்டுகிறவரைச் சுற்றியுள்ள காற்றில் அந்த வரம்பைப்போல நூறு மடங்குக்கும் மேல் போகும். கைரம்பத்தில் இது எவ்வளவோ குறைவு. டிரில்லில் இன்னும் குறைவு. ஆனாலும் டிரில் போடுகிறவரின் முகம் ஓட்டைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அண்ணாந்து பார்த்தபடி துளைக்கும்போது பொடி நேராக மூக்குக்கும் வாய்க்கும் வருகிறது. "ஒரு ஓட்டைதானே" என்பது வீட்டுக்காரரின் கணக்கு. எலெக்ட்ரீஷியனுக்கோ பிளம்பருக்கோ அது அந்த வாரத்தில் எத்தனையாவது ஓட்டையோ?

உள்ளே போன இழையை உடம்பால் கரைக்க முடிவது மெதுவாகத்தான், சிலவற்றைக் கரைக்கவே முடிவதில்லை. விளைவு உடனே தெரியாது. இருமல்கூட வராது. நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயோ தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். புகைபிடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இப்போது ஷீட்டுகளில் சேரும் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இத்தாலியில் காசாலே மோன்ஃபெர்ராத்தோ என்ற ஊரில் 1907 முதல் 1986 வரை கல்நார் சிமெண்ட் ஆலை ஓடியது. ஆலைக்குள் கால் வைக்காதவர்களும் அங்கே மீசோதீலியோமாவால் இறந்தார்கள். தொழிலாளிகளின் வேலைத் துணியை வீட்டில் துவைத்த மனைவிமாரும் அவர்களில் அடக்கம். வெட்டிய பையனின் சட்டையை அவன் அம்மா உதறித் துவைப்பாரே என்று எனக்கு மனம் பதறுவது இதனால்தான்.

சரி, நம் கூரையில் இருப்பது கல்நார் ஷீட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் செய்வது, ஒரு மூலையை உடைத்து உள்ளே நார் தெரிகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்யவே கூடாது. எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே செய்து பார்ப்பதாகும் அது. ஏற்கெனவே உடைந்த ஓரம் இருந்தால் தொடாமல் உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமெண்டிலிருந்து வெளுத்த பஞ்சிழை மாதிரி சிறு குச்சங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பல மழை கண்ட ஷீட்டில் மேல்பூச்சுச் சிமெண்ட் அரித்துப்போய், முகம் சொரசொரப்பாகி, கறுப்புப் பாசியும் வட்டவட்டமான பூஞ்சைத் திட்டுகளும் பிடித்திருக்கும். தகரமும் கலர் ஷீட்டும் காந்தத்தை இழுக்கும் அல்லது தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சிமெண்ட் ஷீட் மந்தமாகத்தான் ஒலிக்கும். மேடுக்கு மேடு சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி, சட்டத்தோடு பிணைத்த ஜே போல்ட், அதன் தலையில் தார் வாஷர். இவையெல்லாம் அடையாளங்கள்.

ஆனால் இந்த அடையாளங்கள் சொல்வது, இது நார் சேர்த்த சிமெண்ட் ஷீட் என்பதை மட்டும்தான். கல்நாருக்குப் பதிலாகச் செயற்கை இழையும் மரக்கூழும் சேர்த்துச் செய்யும் ஷீட்டுகளும் சந்தையில் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஷீட்டின் மீது அச்சிட்ட எழுத்துதான் ஓரளவுக்கு உதவும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு IS 459 என்றிருந்தால் அது கல்நார் ஷீட். IS 14871 என்பது கல்நார் இல்லாத வகைக்கான தரக்குறியீடு. பழைய கூரையில் இந்த எழுத்து பெரும்பாலும் மழையில் அழிந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் ஓரங்களில், மழை படாத அடிப்பக்கத்தில் சில சமயம் மிஞ்சியிருக்கும். கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து கிடைக்காவிட்டால், உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தின் நுண்ணோக்கியால் மட்டுமே முடியும்.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் கட்டிய வருடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். ஆஸ்திரேலியா 2003 முடிவோடும், ஐரோப்பிய ஒன்றியம் 2005லும் கல்நாரை முழுக்கத் தடுத்துவிட்டதால் அங்கே அந்த வழி செல்லும். இந்தியாவில் கல்நார் தோண்டுவது நின்றுபோனாலும் இறக்குமதி நாரைக்கொண்டு ஷீட் செய்வது இன்னும் சட்டப்படி நடக்கிறது. இலங்கையும் தடையை அறிவித்தது, 2017 டிசம்பரில் கல்நாரை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கியது. ஆகவே போன வருடம் போட்ட கூரை என்றாலும் நமக்கு நிம்மதியில்லை. பழையதாக இருந்தால் சிமெண்ட் பிடிப்பு தளர்ந்து, நார் இன்னும் எளிதாகக் கழன்று வரும். தெரியாத ஷீட்டைக் கல்நார் ஷீட் என்றே வைத்துக்கொள்வதுதான் என் முடிவு.

அப்படி வைத்துக்கொண்டால் வேலையின் வழியே மாறிவிடும். மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாயைக் கொட்டகைக்குள் இறக்க வேண்டும் என்று வையுங்கள். கூரையைத் துளைப்பதற்குப் பதில், கூரைக்குச் சற்றுக் கீழே செங்கல் சுவரில் துளைத்து உள்ளே கொண்டுவரலாம். இரண்டு எல்போவும் இரண்டு மீட்டர் குழாயும்தான் கூடுதல் செலவு. வயரும் டிஷ் கம்பியும் அதே வழியில் போகட்டும். மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் ஷீட்டில் அல்ல, சட்டத்துக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டலாம். புதிதாகப் போடும் கொட்டகைக்கு, ஷீட்டின் நீளத்துக்கு ஏற்பச் சட்டத்தை அமையுங்கள். 1.5 முதல் 3 மீட்டர் வரை கால் மீட்டர் இடைவெளியில் ஷீட்டுகள் வருகின்றன. மிஞ்சும் நீளத்தை மேலேயுள்ள ஷீட்டின் கீழ் ஏற்றிப் போட்டுவிடலாம். கல்நாரில்லாத ஷீட் வாங்குவது இதைவிட நல்லது.

ஒழுகும் ஒரு ஷீட்டை மாற்ற வேண்டியிருந்தால் அதை முழுசாகவே கழற்ற வேண்டும். முதலில் கீழே இருக்கும் சாமான்களை அப்புறப்படுத்தி, தரையில் பாலித்தீன் விரிக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து போல்ட்டைச் சுற்றி நனைத்தால் பொடி பறக்காது. துருப்பிடித்த நட்டு திரும்பாவிட்டால் ஷீட்டைப் பெயர்க்கக் கூடாது. கீழிருந்து போல்ட்டின் இரும்புக் கம்பியை மட்டும் ஹேக்ஸா பிளேடால் அறுக்கலாம். அடுத்த ஷீட்டைச் சற்றே தூக்கி, இதை மெதுவாக உருவ வேண்டும். 3 மீட்டர் ஷீட் 40 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று பேர் பிடித்து இறக்க வேண்டும், மேலிருந்து போடக் கூடாது. கூரைமேல் ஏறி நிற்பதும் கூடாது. பழைய ஷீட் காலடியில் திடீரென்று உடைந்து ஆளைக் கீழே போட்டுவிடும். இந்த வேலையின்போது போட வேண்டியது முகத்தில் இறுக ஒட்டும் எஃப்.எஃப்.பி.3 வகை மாஸ்க். தாடி இருந்தால் அது ஒட்டாது. மருத்துவ மாஸ்க்கோ துண்டோ போதாது. கழற்றிய ஷீட்டைக் கனமான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதோடே கட்டுங்கள். பெருக்கினாலோ வீட்டு வேக்குவம் கிளீனரை ஓட்டினாலோ இழை மீண்டும் காற்றில் ஏறும். உடைந்த துண்டுகளைப் போட்டு வீட்டுப் பாதையை மேடாக்கும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மிதிபட்டுப் பொடியாவதற்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை.

கோடையில் இன்னொரு வேலை நடக்கிறது. வெக்கை குறைய ஷீட்டுக்கு வெள்ளை அடிப்பது. பூச்சு நல்லதுதான், முகம் தளர்ந்த ஷீட்டை அது மூடி நாரையும் பிடித்து வைக்கும். ஆனால் அடிப்பதற்கு முன் இரும்பு பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுவதும், அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதும்தான் வழக்கம். இரண்டிலும் நார் மிகுந்த மேல்பரப்பு உரிந்து காற்றிலோ, கூரை ஓரத்து மண்ணிலோ சேரும். பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் துடைத்து எடுங்கள். போகாததை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் ஒட்டும் பிரைமரை அடியுங்கள். மெல்லிய விரிசல் மட்டும் இருக்கிறதென்றால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தார் டேப்பை ஒட்டினால் போதும், ஷீட்டை அசைக்கவே வேண்டாம். வேலைக்கு வருகிறவர் மெஷினை எடுத்தால், "தம்பி, இதை வெட்ட வேணாம், கழட்டி வேற மாதிரி பண்ணலாம். ஆகுற செலவ நான் தர்றேன்" என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூலியைப் பேசும் வேளையிலேயே இதையும் பேசாவிட்டால், ஏணிமேல் ஏறியவரிடம் சொல்லி நிறுத்துவது கஷ்டம்.