வெற்றிடத்தை எண்ணலாகாது

மூன்று வரிசை, மூன்று நிரை கொண்ட பலகையில் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்சில்லுகளும் ஒரு வெற்றிடமும் உள்ளன. வெற்றிடத்தை அடுத்துள்ள சில்லை அதனுள் தள்ளலாம். அதுவே ஒரு நகர்வு. கலைந்த சில்லுகளை மிகக் குறைந்த நகர்வுகளில் ஒழுங்குபடுத்துவதே புதிர். ஒரு தொடக்க நிலையிலிருந்து எட்டக்கூடிய நிலைகள் மொத்தம் 1,81,440. எந்த நிலையை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்ய 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் வெளியிட்ட ஏ-ஸ்டார் தேடல் முறை வழிகாட்டுகிறது.

இம்முறை ஒவ்வொரு நிலைக்கும் f = g + h என்னும் மதிப்பைக் கணக்கிடுகிறது. g என்பது அந்நிலையை அடைய இதுவரை செய்த நகர்வுகள். h என்பது இன்னும் தேவைப்படும் நகர்வுகள் பற்றிய மதிப்பீடு. f குறைவாக உள்ள நிலையே முதலில் விரித்துப் பார்க்கப்படும். h ஒருபோதும் உண்மையான தேவையை மிஞ்சாதிருந்தால், கிடைக்கும் விடை மிகக் குறுகியது என்பது உறுதி.

அத்தகைய மதிப்பீடு ஒன்று எளிதில் கிடைக்கிறது. ஒவ்வொரு சில்லும் தன் இடத்திலிருந்து எத்தனை வரிசை, எத்தனை நிரை விலகியுள்ளது என எண்ணி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரு நகர்வில் ஒரே ஒரு சில்லு ஒரே ஒரு கட்டம் நகர்வதால், இக்கூட்டுத்தொகை ஒரு நகர்வில் ஒன்றுக்கு மேல் குறைய இயலாது. தொகை பன்னிரண்டு எனில் பன்னிரண்டு நகர்வுகளேனும் தேவை.

```python
def distance(board):
    total = 0
    for i, tile in enumerate(board):
        if tile != 0:
            g = tile - 1
            total += abs(i//3 - g//3) + abs(i%3 - g%3)
    return total
```

பலகை இங்கே ஒன்பது எண்களின் வரிசையாக எழுதப்படுகிறது. 0 என்பது வெற்றிடம். `if tile != 0` என்னும் வரி பார்வைக்குச் சிறியது. ஆயினும் நிரல் எழுதுவோர் பலர் தவறவிடுவது இவ்வரியையே. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

```
1 2 3        1 2 3
0 4 6   →    4 5 6
7 5 8        7 8 0
```

4, 5, 8 ஆகிய மூன்று சில்லுகளும் தத்தம் இடத்திலிருந்து ஒவ்வொரு கட்டம் விலகியுள்ளன; எனவே h = 3. இந்நிலையில் 1, 4, 7 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை நகர்த்தலாம். 1 அல்லது 7 நகர்ந்தால் h நான்காகி, f ஐந்தாகும். 4 இடப்புறம் நகர்ந்தால் h இரண்டாகி, f மூன்றாகவே நிற்கும். ஆதலால் தேடல் அவ்வழியே சென்று, 5ஐ மேலேயும் 8ஐ இடப்புறமும் நகர்த்தி, மூன்றே நகர்வுகளில் முடிகிறது.

வெற்றிடத்தையும் எண்ணினால் என்னாகும்? அது தன் இடத்திலிருந்து மூன்று கட்டம் விலகியிருப்பதால் தொகை ஆறாகும். மூன்று நகர்வில் முடியும் புதிருக்கு ஆறு தேவை என்று கூறும் மதிப்பீடு அது. ஒவ்வொரு நகர்விலும் சில்லும் வெற்றிடமும் சேர்ந்தே இடம் மாறுவதால், தொகை ஒரே நகர்வில் இரண்டு குறைந்துவிட முடியும். இதனால் குறுகிய வழி நெடியதாகத் தோன்றிப் பின்தள்ளப்படலாம்.

இப்பிழையின் தொல்லை யாதெனில், நிரல் நின்றுவிடுவதில்லை. பலகையும் சரியாகவே ஒழுங்குபடுகிறது. விடை மட்டும் சில வேளைகளில் நீண்டுவிடும். அதனைக் கண்டறிய ஒரு வழி உண்டு. `distance` எப்போதும் 0 தருமாறு மாற்றி, அதே புதிர்களை மீண்டும் இயக்க வேண்டும். தேடல் மெதுவாகும், ஆனால் கிடைப்பது ஐயமற்ற மிகக் குறுகிய விடை. இரண்டிலும் நகர்வுகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். எட்டுச் சில்லுப் புதிர் எதுவும் 31 நகர்வுகளுக்கு மேல் கோருவதில்லை. அதற்கு மேற்பட்ட விடை வந்தால் சோதனையின்றியே பிழை வெளிப்படும். இச்சோதனைக்கு முன், இலக்கை எட்டியதா என்பதை `distance` கொண்டு பாராமல் பலகையையே இலக்கோடு ஒப்பிடுமாறு நிரலை அமைத்தல் வேண்டும். இல்லையேல் முதல் நிலையே விடையாகிவிடும்.

7, 8 ஆகியவை மட்டும் இடம் மாறிய பலகைக்கு விடையே இல்லை. அங்கே தொகை இரண்டு மட்டுமே. எனினும் நிரல் எட்டக்கூடிய 1,81,440 நிலைகளையும் தேடிய பின்னரே வெறுங்கையோடு திரும்பும். தொலைவு சிறிதாயிருப்பது விடை உண்டு என்பதற்குச் சான்றன்று.

பதினைந்து சில்லுகள் கொண்ட பெரிய பலகையில் எட்டக்கூடிய நிலைகள் பத்து இலட்சம் கோடியைத் தாண்டும். கண்ட நிலைகளையெல்லாம் நினைவகத்தில் வைக்கும் ஏ-ஸ்டார் அங்கே இடமின்றித் திணறும். 1985இல் ரிச்சர்டு கோர்ஃப் இதே தொலைவுத் தொகையை வைத்துக்கொண்டு, f ஒரு வரம்பைக் கடக்கும் வழிகளை விட்டுத் திரும்பி, விடை கிட்டாதபோது வரம்பைச் சிறிது உயர்த்தி மீண்டும் தொடங்கும் முறையை வகுத்தார். அதில் நடப்பு வழியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.